சோலார் வீட்டின் ஈபி கணக்கு: இரண்டு போட்டோ, மூன்று கழித்தல்

கூரையில் சோலார் பேனல் வைத்த வீட்டில் இருவழி மீட்டர் பொருத்தப்படும். அதில் இரண்டு எண்கள் தனித்தனியே ஏறும். வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்த மின்சாரம் இம்போர்ட், வீட்டில் மிஞ்சி வெளியே போனது எக்ஸ்போர்ட். இரண்டும் மீட்டர் வைத்த நாளிலிருந்து சேர்ந்துவரும் மொத்தம் என்பதால், ஒரு போட்டோவை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. போன கணக்கெடுப்பு நாளில் எடுத்த படமும் வேண்டும்.

மீட்டர் திரை சில நொடிக்கொரு முறை மாறும். தேதி, வோல்டேஜ், கரண்ட் எல்லாம் வந்து போகும். பல மீட்டர்களில் 1.8.0 என்ற குறியீட்டோடு வருவது இம்போர்ட், 2.8.0 என்று வருவது எக்ஸ்போர்ட். எண்ணுக்குப் பக்கத்தில் kWh என்று இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். kVAh என்று இருந்தால் அது வேறு கணக்கு. தேதி வரும் திரையையும் ஒரு படம் எடுத்து வைப்பது பின்னால் உதவும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். போன முறை இம்போர்ட் 2418.6, எக்ஸ்போர்ட் 1876.2. இரண்டு மாதம் கழித்து 2861.4, 2203.7. வந்தது 442.8 யூனிட், போனது 327.5 யூனிட். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 115.3. போன பில்லில் 40 யூனிட் மிச்சம் வரவில் இருந்தால் அதையும் கழிக்க, பில்லுக்கு நிற்பது 75.3. நெட் மீட்டரிங் முறையில் எக்ஸ்போர்ட் அதிகமானால் அந்த முறை நிகர யூனிட் பூஜ்யம். உபரி அடுத்த பில்லுக்குப் போகும்.

தவறு பெரும்பாலும் கழித்தலில் வருவதில்லை, படத்தில்தான் வருகிறது. கண்ணாடியில் வெளிச்சம் பட்டுப் புள்ளி மறைந்தால் 2203.7 என்பது 22037 ஆகிவிடும். புதிய எண் பழையதைவிடக் குறைவாக இருந்தால் மீட்டர் மாற்றப்பட்டிருக்கலாம், அல்லது இரண்டு எண்களும் இடம் மாறியிருக்கலாம். இடம் மாறியதா என்று பார்க்க இரவு போதும். பேட்டரி இல்லாத வீட்டில் பொழுது சாய்ந்தபின் எக்ஸ்போர்ட் நின்றுவிடும், இம்போர்ட் மட்டுமே நகரும்.

இன்வெர்ட்டர் காட்டும் உற்பத்தியை எக்ஸ்போர்ட் என்று எடுத்துக்கொள்வதுதான் பலருக்கும் நேரும் குழப்பம். பேனல் தரும் மின்சாரம் முதலில் வீட்டு மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் போகும். அந்தப் பங்கு ஈபி மீட்டரைத் தொடுவதே இல்லை. மேலே சொன்ன வீட்டில் அதே இரண்டு மாதத்தில் உற்பத்தி 720 யூனிட் என்றால், வெளியே போன 327.5 போக 392.5 வீட்டிலேயே செலவாகியிருக்கிறது. வெளியிலிருந்து வந்த 442.8-ஐயும் கூட்டினால் வீட்டின் உண்மையான செலவு 835.3 யூனிட். எக்ஸ்போர்ட் ஒருபோதும் உற்பத்தியைத் தாண்டாது. தாண்டியதாகக் கணக்கு வந்தால், போட்டோவை எடுத்து எண்களை மறுபடி படிக்க வேண்டும்.