பாட்டியின் உப்புக் கணக்கு

தாத்தாவுக்கு ரத்தக் கொதிப்பு என்றதும் பாட்டி முதலில் பார்த்தது உப்புப் பாக்கெட்டைத்தான். 4 பேர் உள்ள வீட்டில் 1 கிலோ உப்பு 30 நாளில் தீர்ந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கும் மேல். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்கும் குறைவு. அதன்படி அதே பாக்கெட் 50 நாளாவது வரவேண்டும்.

ஒரேயடியாகக் குறைத்தால் தாத்தா ஊறுகாயைத் தேடுவார்; உப்பு வேறு வழியாக உள்ளே போய்விடும். அதனால் பாட்டி கைக்குப் பதில் கரண்டியால் அளந்தார். சில வாரங்களுக்கு ஒருமுறை சிட்டிகையளவு குறைத்தார். நாக்கு பழகச் சில வாரங்கள் தேவை. ஊறுகாய் ஜாடி வேகமாகக் காலியானால், குறைத்தது அதிகம் என்று அர்த்தம். அங்கேயே சிறிது காலம் நிறுத்திக்கொண்டார்.

ருசிக்குப் புளிப்புதான் கைகொடுத்தது. புளிப்பு, இருக்கும் உப்பையே தூக்கிக் காட்டும். பொரியலை இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தார். சாதத்தில் உப்பே போடவில்லை. மிளகும் சீரகமும் கூடின.

கடையில் விற்கும் பொட்டாசியம் கலந்த உப்பைப் பாட்டி வாங்கவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.