முடங்கிய பணம், கிடைத்த பங்கு, திரும்பிய தொகை

2022 மே மாதம் எல்.ஐ.சி. பங்கு வெளியீடு வந்தபோது, அதுவரை பங்குச்சந்தைப் பக்கமே போகாத பல குடும்பங்கள் டீமேட் கணக்கு தொடங்கி விண்ணப்பித்தன. கையில் பாலிசி இருந்தது, தெரிந்த பெயராகவும் இருந்தது. அதனால் தயக்கம் குறைந்தது. விண்ணப்பிப்பது சிரமமாக இல்லை. அதன்பின் வங்கிக் கணக்கில் நடந்ததை வீட்டுக் கணக்கு நோட்டில் எப்படி எழுதுவது என்பதில்தான் பலருக்கும் குழப்பம். விண்ணப்பித்த நாளில் செலவு என்று எழுதுவதா? பங்கு கிடைக்காமல் பணம் விடுபட்டால் வரவு என்று எழுதுவதா?

இன்றுள்ள முறையில் இரண்டுமே தவறு. காரணம் தெரிந்துவிட்டால் எந்த விண்ணப்ப அறிக்கையையும் சில நிமிடங்களில் படித்து முடிக்கலாம்.

பழைய முறையில் காசோலை கொடுத்து விண்ணப்பித்தோம். பணம் நம் கணக்கைவிட்டு உண்மையிலேயே வெளியேறியது. பங்கு கிடைக்காவிட்டால் சில வாரம் கழித்துத் தபாலில் வாரண்ட் வரும். அதை நோட்டில் வரவு வைத்தது சரியே. 2016 ஜனவரி முதல் எல்லா முதலீட்டாளருக்கும் அஸ்பா முறை கட்டாயமாகிவிட்டது. இதில் விண்ணப்பத் தொகை நம் கணக்கிலேயே இருக்கும். அதை நாம் எடுக்க முடியாதபடி வங்கி முடக்கி வைக்கும், அவ்வளவுதான். சேமிப்புக் கணக்கின் வட்டிகூட அந்தத் தொகைக்குத் தொடர்ந்து ஓடும். யு.பி.ஐ. வழியாக விண்ணப்பிப்பவர்கள் கைப்பேசியில் ஒப்புக்கொள்ளும் மேண்டேட்டும் இதே முடக்கத்துக்கான அனுமதிதான்.

ஆகவே விண்ணப்பித்த நாளில் பாஸ்புக்கில் பற்று வரி எதுவும் விழாது. கணக்கில் உள்ள மொத்த இருப்பு அப்படியே இருக்கும். பயன்படுத்தக்கூடிய இருப்பு மட்டும் குறைந்திருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முடக்கப்பட்ட தொகை. ஒதுக்கீடு முடிந்ததும், கிடைத்த பங்குகளுக்கான தொகை மட்டும் ஒரே பற்றாக எடுக்கப்படும். மீதி மீதிருந்த முடக்கம் நீங்கும். அப்போதும் பாஸ்புக்கில் வரவு வரி வராது. அறிக்கைகளில் 'ரீஃபண்ட்' என்ற தலைப்பின் கீழ் ஒரு தொகையைப் பார்த்துவிட்டு வங்கி வரவுகளில் அதைத் தேடி அலைபவர்கள் உண்டு. போகாத பணம் வரவாகத் திரும்பாது. அந்தத் தொகை விடுவிக்கப்பட்டதைத்தான் அறிக்கை சொல்கிறது.

எண்களோடு பார்த்தால் தெளிவாகும். எல்.ஐ.சி. வெளியீட்டையே எடுத்துக்கொள்வோம். விலை வரம்பு 902 ரூபாயிலிருந்து 949 வரை. குறைந்தபட்சம் 15 பங்குகள், அதற்குமேல் 15-இன் மடங்குகள். இறுதி விலை 949. சில்லறை முதலீட்டாளருக்குப் பங்குக்கு 45 ரூபாய் தள்ளுபடி என்பதால் அவர்களுக்கு 904. பாலிசிதாரருக்கு 60 ரூபாய் தள்ளுபடி என்பதால் 889. தகுதியுள்ள பாலிசிதாரர் ஒருவர் பாலிசிதாரர் ஒதுக்கீட்டிலும் சில்லறைப் பிரிவிலும் தனித்தனியாக விண்ணப்பிக்கலாம் என்றும் அனுமதித்திருந்தார்கள்.

மதுரையில் ஒரு பள்ளி ஆசிரியை இப்படி இரண்டு விண்ணப்பங்கள் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியையும் அவருக்குக் கிடைத்த பங்குகளும் கற்பனை, விலைகள் உண்மை. பாலிசிதாரர் பிரிவில் 45 பங்குகள் கேட்டார்: 889 வீதம் 40,005 ரூபாய் முடங்கியது. சில்லறைப் பிரிவில் 30 பங்குகள் கேட்டார்: 904 வீதம் 27,120 ரூபாய் முடங்கியது. வங்கியில் மொத்தம் 67,125 ரூபாய் கைக்கு எட்டாமல் நிற்கிறது.

ஒதுக்கீடு வந்தது. இரண்டு பிரிவிலும் ஆளுக்குப் பதினைந்து என்பதுபோல 15, 15 பங்குகள். பாலிசிதாரர் விண்ணப்பத்துக்கு எடுக்கப்பட வேண்டியது 13,335. விடுபட வேண்டியது 26,670. சில்லறை விண்ணப்பத்துக்கு எடுக்கப்பட வேண்டியது 13,560. விடுபட வேண்டியதும் அதே 13,560. ஆக மொத்தப் பற்று 26,895 ரூபாய், மொத்த விடுவிப்பு 40,230 ரூபாய். இரண்டையும் கூட்டினால் முதலில் முடங்கிய 67,125 வந்துவிடுகிறது.

இந்தக் கூட்டல்தான் முதல் சோதனை: முடக்கம் என்பது எடுத்ததும் விடுத்ததும் சேர்ந்தது. இரண்டாவது சோதனை, கிடைத்த பங்குகளை ஒதுக்கீட்டு விலையால் பெருக்கினால் வங்கிப் பற்று வர வேண்டும். இரண்டும் பொருந்தினால் கணக்கு முடிந்தது.

இந்த எண்கள் ஒரே காகிதத்தில் கிடைப்பதில்லை. முடக்கப்பட்ட தொகையும் விண்ணப்ப எண்ணும் விண்ணப்பித்த நாளின் ஒப்புகையில் இருக்கும். தரகர் செயலியிலோ வங்கியின் அஸ்பா பக்கத்திலோ அதைப் பார்க்கலாம். கிடைத்த பங்குகளின் எண்ணிக்கையை வெளியீட்டின் பதிவாளர் சொல்வார். எல்.ஐ.சி.க்குக் கேஃபின் டெக்னாலஜிஸ் பதிவாளராக இருந்தது. சென்னையில் கேமியோ கார்ப்பரேட் சர்வீசஸ் போன்ற நிறுவனங்களும் இந்த வேலையைச் செய்கின்றன. பதிவாளரின் தளத்தில் பேன் எண்ணையோ விண்ணப்ப எண்ணையோ இட்டால் கேட்ட பங்கும் கிடைத்த பங்கும் தெரியும். அந்தப் பக்கம் என்றென்றும் அங்கே இருக்கும் என்று நம்ப வேண்டாம், அன்றே சேமித்துக்கொள்ளுங்கள். எடுத்த தொகைக்கு வங்கி அறிக்கைதான் சான்று. பங்குகள் உண்மையில் வந்து சேர்ந்ததற்கு டீமேட் அறிக்கை சான்று. பதிவாளர் 15 என்று சொல்லி, டீமேட்டில் 15 தெரிந்து, வங்கியும் 15-க்கான தொகையை எடுத்திருந்தால் மூன்றும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன.

இரண்டு விண்ணப்பங்கள் போட்டவர் இரண்டையும் ஒரே வரியில் கலந்து எழுதக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. 30 பங்குகளுக்கு 26,895 ரூபாய், சராசரி 896 ரூபாய் 50 காசு என்று எழுதினால் கணக்கு பொருந்தும்தான். ஆனால் ஒரு விண்ணப்பத்தின் முடக்கம் விடுபடாமல் நின்றுவிட்டால், கலந்த கணக்கில் அது எந்த விண்ணப்பம் என்றே தெரியாது. விண்ணப்ப எண் ஒன்றுக்கு ஒரு வரி. கணவர், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் தனித்தனியே விண்ணப்பித்த வீடுகளில் ஒவ்வொரு பேன் எண்ணுக்கும் ஒரு பக்கம். யு.பி.ஐ. வழியில் விண்ணப்பதாரர் தம் சொந்த வங்கிக் கணக்கைத்தான் பயன்படுத்த வேண்டும். மற்றவர் கணக்கிலிருந்து போட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். ஆகவே வங்கி அறிக்கைகளும் ஆளுக்கு ஒன்றாகத்தான் இருக்கும்.

விலை விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். 'கட் ஆஃப்' விலைக்குச் சம்மதம் என்று விண்ணப்பித்தால் வரம்பின் உச்ச விலையில் தொகை முடங்கும். இறுதி விலை அதைவிடக் குறைவாக முடிவானால், கேட்ட பங்குகள் அத்தனையும் கிடைத்தவருக்கும் ஒரு சிறு தொகை விடுபடும். 200 ரூபாய் உச்ச விலையில் 70 பங்குகளுக்கு 14,000 முடங்கியது, இறுதி விலை 195 என்றால் எடுக்கப்படுவது 13,650; மீதி 350 விடுபடும். இதைக் கண்டு, ஏதோ இரண்டு பங்கு குறைவாகக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை.

தள்ளுபடி இருந்தால் இன்னும் கவனம் தேவை. தரகர் செயலிகள் சில நேரம் வாங்கிய விலையை வெறுமனே விடுகின்றன, அல்லது தள்ளுபடி கழிக்காத விலையைக் காட்டுகின்றன. எல்.ஐ.சி. பங்கு 2022 மே 17 அன்று மும்பைப் பங்குச்சந்தையில் 867 ரூபாய் 20 காசில் தொடங்கியது. வாங்கிய விலை 949 என்று பதிந்திருந்தால் பங்குக்கு 81 ரூபாய் 80 காசு நஷ்டம் என்று தெரியும். உண்மையில் சில்லறைக்காரருக்கு 36 ரூபாய் 80 காசுதான் நஷ்டம், பாலிசிதாரருக்கு 21 ரூபாய் 80 காசு. பின்னாளில் விற்று வரிக்கணக்குப் போடும்போதும் வங்கி எடுத்த தொகையே வாங்கிய விலை. சந்தையில் முதல் நாள் வந்த விலைக்கு அதில் இடமில்லை. வைத்திருந்த காலமும் ஒதுக்கீடு நடந்த நாளிலிருந்து எண்ணப்படும், விண்ணப்பித்த நாளிலிருந்து அல்ல. எனவே ஒதுக்கீட்டுத் தேதிக்கு நோட்டில் ஓர் இடம் வேண்டும், எல்.ஐ.சி.க்கு அது மே 12.

இதையெல்லாம் வைத்து ஆசிரியையின் நோட்டு எப்படி இருக்கும்? பணவரவு செலவுப் பக்கத்தில் இரண்டே பற்றுகள்: 13,335, 13,560. விண்ணப்பித்த நாளுக்கு எதுவுமில்லை, விடுவித்த நாளுக்கும் எதுவுமில்லை. முடக்கமும் விடுவிப்பும் தனிப் பக்கத்தில் நினைவுக் குறிப்பாக இருக்கும்: விண்ணப்ப எண், முடங்கிய தொகை, கிடைத்த பங்கு, எடுத்த தொகை, விடுபட்ட தொகை, விடுபட்ட தேதி. முடக்கத்தைச் செலவாகவும் விடுவிப்பை வரவாகவும் எழுதி, அதற்குமேல் வங்கிப் பற்றையும் எழுதியவர் நோட்டில் 26,895 ரூபாயை இரண்டு முறை செலவழித்திருப்பார். ஆண்டு முடிவில் பாஸ்புக்கோடு ஒத்துப் பார்க்கும்போது இருப்பு ஏன் குறைகிறது என்று தெரியாமல் திண்டாடுவது அதனால்தான்.

விடுபட்ட தேதியை ஏன் எழுத வேண்டும்? தாமதம் அதில்தான் தெரியும். எல்.ஐ.சி. காலத்தில் வெளியீடு முடிந்து ஆறு வேலைநாளில் பங்கு சந்தைக்கு வந்தது. 2023 டிசம்பர் முதல் அது மூன்று வேலைநாளாகக் குறைக்கப்பட்டுவிட்டது. வெளியீடு முடிந்த மறு வேலைநாளில் ஒதுக்கீடு, அதற்கடுத்த வேலைநாளில் முடக்க விடுவிப்பு என்பது இப்போதைய ஓட்டம். யு.பி.ஐ. செயலியில் மேண்டேட்டின் இறுதித் தேதி பல நாள் தள்ளிக் காட்டலாம். அதுவரை பணம் முடங்கியே இருக்கும் என்று பொருளல்ல. பங்கு கிடைக்காதபோது மேண்டேட் ரத்தானது என்று குறுஞ்செய்தி வந்தால் அது நல்ல செய்திதான்.

பங்கு சந்தைக்கு வரும் நாளிலும் மொத்த இருப்புக்கும் பயன்படுத்தக்கூடிய இருப்புக்கும் இடையே வித்தியாசம் நீடித்தால், வேறு முடக்கம் எதுவும் இல்லாதவருக்கு அது விடுபடாத விண்ணப்பத் தொகைதான். விண்ணப்ப எண்ணோடும் பதிவாளர் தளப் பக்கத்தின் நகலோடும் முதலில் வங்கியில் எழுத்துமூலம் கேளுங்கள். பதில் வராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதியலாம். காலதாமதமாக விடுவிக்கும் வங்கி, தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய், அல்லது தொகைக்கு ஆண்டுக்கு 15 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதைத் தர வேண்டும் என்று செபி 2021 மார்ச் சுற்றறிக்கையில் வகுத்திருக்கிறது. ஆசிரியையின் 26,670 ரூபாய்க்கு 15 சதவீதம் நாளொன்றுக்குச் சுமார் 11 ரூபாய்தான். எனவே அவருக்கு உரியது நாளுக்கு 100 ரூபாய். சிறு தொகை போட்டவர்களுக்கே இந்த விதி அதிகம் உதவுகிறது, கேட்டுப் பெறுங்கள்.