டூட்டி லிஸ்ட் ஒட்டிய பிறகு ஒரு லீவு லெட்டர்

டூட்டி லிஸ்ட் ஒட்டியாகிவிட்டது. ஒரு செவிலியருக்கு 14, 15 இரண்டு இரவும் நைட். 15ஆம் தேதி காலை தங்கைக்கு நிச்சயதார்த்தம் என்று ஊரிலிருந்து போன் வருகிறது.

பலர் அவசரத்தில் ‘15ஆம் தேதி லீவு’ என்று எழுதிவிடுவார்கள். அங்கேதான் சிக்கல். 14 இரவு தொடங்கும் டூட்டி 15 காலையில்தான் முடியும். விடுபட வேண்டியது 14 இரவு. 15 இரவு அவர் திரும்பிவிடலாம்.

நல்ல கடிதம் மாற்று ஆளையும் சேர்த்தே சொல்லும்: “14 இரவு எனக்குப் பதிலாக வர சக செவிலியர் சம்மதித்துக் கீழே கையெழுத்திட்டுள்ளார். 21 இரவு அவருக்குப் பதில் நான் வருகிறேன். என் பொறுப்பிலுள்ள ஸ்டாக் ரிஜிஸ்டரை 13ஆம் தேதியே சரிபார்த்து ஒப்படைக்கிறேன்.” அந்த சக செவிலியருக்கு 14 மதியமோ 15 காலையோ ஷிப்ட் இருந்தால், சூப்பிரண்டு கடிதத்தைத் திருப்பிவிடுவார், நியாயமாகவே.

நோயாளிகளின் விவரத்தை மட்டும் முன்கூட்டி எழுதிவைக்க முடியாது. அது அன்றைய ஷிப்ட் மாறும்போது, படுக்கையருகே நின்று சொல்ல வேண்டியது.