ஒரே நாளில் ஒரு கூரைத் தளம்

வீட்டின் கூரைத் தளத்துக்குக் காங்கிரீட் போடுவது, தொடங்கினால் முடிக்காமல் நிறுத்த முடியாத வேலை. அதனால்தான் அதற்கு முன்பே எழுதிவைத்த செயல்முறை அறிக்கை வேண்டியிருக்கிறது. எந்த வேலை எதற்குப் பின், என்ன கருவி, எத்தனை ஆள், எதை யார் சரிபார்ப்பது என்பதைக் காட்டும் இந்த அறிக்கையைக் கட்டடத் துறையில் மெத்தட் ஸ்டேட்மென்ட் என்பார்கள். பெரிய கட்டடங்களில் இது இல்லாமல் வேலை தொடங்காது. தனி வீடுகளில் பெரும்பாலும் எல்லாம் மேஸ்திரியின் மனக்கணக்கில்தான் இருக்கும். ஆனாலும் இரண்டு பக்கத்தில் எழுதிவிடக்கூடிய விஷயம்தான் இது.

நாற்பது அடி நீளம், இருபத்தைந்து அடி அகலம், ஐந்து அங்குல கனமுள்ள ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். பீம்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 15 கன மீட்டர் காங்கிரீட் தேவைப்படும். ஒன்றுக்கு ஒன்றரை மணல், மூன்று ஜல்லி என்ற எம்20 கலவையில் கன மீட்டருக்கு 8 மூட்டை சிமென்ட் என்று கணக்கிட்டால், மொத்தம் 120 மூட்டை. எம்-சாண்ட் இரண்டேகால் யூனிட், முக்கால் அங்குல ஜல்லி நாலரை யூனிட். சேதாரத்துக்குக் கொஞ்சம் கூட்டி, எல்லாவற்றையும் முதல் நாளே இறக்கிவிட வேண்டும். கலவைக்கு மட்டும் சுமார் 3,600 லிட்டர் தண்ணீர் செலவாகும். அதைத் தொட்டியில் நிரப்பி வைக்காமல், குழாயில் வரும் என்று நம்பித் தொடங்கக் கூடாது.

தளம் போடும் நாளுக்கு முந்தைய சோதனை சென்ட்ரிங்கில் தொடங்குகிறது. ஐந்து அங்குலப் பச்சைக் காங்கிரீட் ஒரு சதுர அடிக்கு 30 கிலோ கனக்கும். அதாவது, பீம்கள் போக, தளம் மட்டுமே 30 டன்னுக்குச் சற்றுக் குறைவாக முட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கும். நிரப்பிய மண்ணில் முட்டை நேரடியாக நிறுத்தினால் அது மெதுவாக அமிழும். அடியில் பலகை போட்டுத்தான் நிறுத்த வேண்டும். ஷீட்களின் இடுக்கில் பால் ஒழுகாமல் அடைத்திருக்கிறதா, மட்டம் சரியா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது கம்பி. அடிக்கம்பியின் கீழ் 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் வேண்டும். ஜல்லித் துண்டை வைத்துச் சமாளிக்கக் கூடாது. அதைவிட அதிகம் கவனிக்க வேண்டியது மேல்கம்பி. பால்கனி, சன்ஷேடு போல வெளியே நீளும் பகுதிகளில் பாரத்தைத் தாங்குவது மேல்கம்பிதான். ஆட்கள் மிதித்து அது அடியில் படுத்துவிட்டால், மேலிருந்து பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். சென்ட்ரிங் பிரிக்கும்போது அந்தப் பகுதி மடிந்து விழக்கூடும். மூன்றடிக்கு ஒன்றாகச் சேர் கம்பி கொடுத்து, நடக்கப் பலகை போட்டு, கம்பி கட்டும் ஆள் ஒருவரை நாள் முழுக்க மேலேயே வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஒரு மூட்டை மிக்சரில் ஒரு கலவை போட்டு இறக்க நான்கு நிமிடம் என்று கொண்டால், மணிக்குப் பதினைந்து கலவை. 120 மூட்டைக்கு எட்டு மணி நேரம். இந்த வேகத்துக்கு மிக்சர், லிஃப்ட், அவற்றுக்கு ஆபரேட்டர்கள், சிமென்டுக்கு இருவர், மணலும் ஜல்லியும் அள்ளிப் போட ஏழெட்டுப் பேர், மேலே கலவையைச் சுமந்து கொட்ட அதே அளவு ஆட்கள், பரப்பி மட்டம் தட்ட நான்கு கொத்தனார்கள், வைப்ரேட்டருக்கு இருவர் என்று ஏறக்குறைய 25 பேர் வேண்டும். கீழே முட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு தச்சர் தனியாக வேண்டும். அவரை வேறு வேலைக்கு இழுக்கக் கூடாது. வைப்ரேட்டர் இரண்டு இருப்பது கட்டாயம். ஒன்று பழுதானால் வேலையை நிறுத்த முடியாது, கம்பியால் குத்திச் சமாளிக்கவும் முடியாது.

எந்தத் திசையில் போடுவது என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். லிஃப்டுக்கு எதிர்முனையில் தொடங்கி, லிஃப்டை நோக்கிப் பின்வாங்க வேண்டும். இருபத்தைந்து அடி அகலத்துக்குக் குறுக்காக, மூன்றடி மூன்றடியாகப் போட்டுவந்தால் ஒரு பட்டைக்கு ஏழு கலவை, அரை மணி நேரம். நீளவாக்கில் போட்டால் ஒரு பட்டைக்கு முக்கால் மணி நேரமாகும். இதோடு சாப்பாட்டு நேரமும் சேர்ந்துகொண்டால், அடுத்த பட்டை வந்து சேர்வதற்குள் முந்தைய பட்டையின் விளிம்பு கோடை வெயிலில் இறுகத் தொடங்கும். புதியது பழையதோடு கலக்காமல் ஒட்டி மட்டும் நிற்கும். அதுதான் கோல்டு ஜாயிண்ட். முதல் மழையில் கூரையின் அடியில் ஈரக்கோடாக அது தெரியும். எனவே ஆட்கள் முறை வைத்துச் சாப்பிட வேண்டும். விளிம்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு: ஓடும் வைப்ரேட்டர் ஊசி தன் எடையிலேயே உள்ளே இறங்கி, எடுத்ததும் குழி தானாக மூடினால் தொடரலாம். மூடாவிட்டால், இரண்டு தாங்கல்களுக்கு நடுப்பகுதியில் பலகை வைத்துச் செங்குத்தாக முடித்து, மறுநாள் அந்த முகத்தைக் கொத்திக் கழுவிய பிறகே தொடர வேண்டும்.

இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 இந்தக் கலவைக்கு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் அனுமதிப்பதில்லை. மணலிலுள்ள ஈரமும் அதில் அடக்கம். நனைந்த எம்-சாண்ட் ஒரு கலவைக்கு நான்கு லிட்டர் வரை கொண்டுவந்துவிடும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். பரப்பச் சுலபமாக இருக்கும் என்று ஒரு பத்து லிட்டர் வாளி கூடுதலாக ஊற்றினால் வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஒரு நாள் வேலையில் இதைவிடப் பெரிய சேதம் அரிது. மிக்சருக்குப் பக்கத்தில் அளவு வாளியோடு பொறுப்பான ஒருவர் நிற்க வேண்டும். சரிபார்க்க ஸ்லம்ப் கூம்பு இருக்கிறது: மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 25 குத்து குத்தி, கூம்பை உயர்த்தியதும் கலவை எவ்வளவு அமிழ்கிறது என்று அளக்கலாம். 50 முதல் 100 மில்லிமீட்டர் சரி. அதற்கு மேல் சரிந்தால் அந்தக் கலவையைத் தளத்துக்கு அனுப்பக் கூடாது.

வைப்ரேட்டர் ஊசியைச் செங்குத்தாக இறக்கி, குமிழ்கள் நின்றதும் மெதுவாக எடுக்க வேண்டும். கலவையைத் தள்ளிப் பரப்ப அதைப் பயன்படுத்தினால் ஜல்லி ஓரிடத்திலும் பால் ஓரிடத்திலும் பிரியும். பீமும் தூணும் சேருமிடத்தில் கம்பி நெருக்கமாக இருப்பதால் அங்கே கூடுதல் கவனம் தேவை. தேன்கூடு போன்ற ஓட்டைகள் அதிகம் தென்படுவது அங்கேதான்.

மட்டம் தட்டி முடித்ததும் காற்றும் வெயிலும் மேல்பரப்பின் ஈரத்தை உறிஞ்ச, சில மணி நேரத்திலேயே மெல்லிய வெடிப்புகள் வரும். பாலித்தீன் விரிப்பு அதைத் தடுக்கும். மேலே சிமென்ட் பொடி தூவுவது வெடிப்பைக் கூட்டும். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். நம் வெப்பத்தில் சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்டுக்கு 14 நாள். சாதாரண சிமென்டில் நாலரை மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்தின் முட்டுகளை 7 நாளுக்குப் பிறகும், அதற்கு மேற்பட்டதையும் ஆறு மீட்டர் வரையுள்ள பீம்களையும் 14 நாளுக்குப் பிறகும் எடுக்கலாம். பி.பி.சி. என்றால் இன்னும் பொறுக்க வேண்டும்.

இந்த 15 கன மீட்டருக்கு, நாளின் வெவ்வேறு நேரத்தில் இரண்டு முறை மாதிரி எடுத்து, முறைக்கு மூன்றாக ஆறு கியூப்கள் வார்க்க வேண்டும். 28ஆம் நாள் அவற்றை ஆய்வகத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் இந்தக் கலவையிடம் எதிர்பார்க்கும் அளவு. முடிவு ஐயத்துக்கிடமாக இருந்தால் தளத்திலிருந்தே குறைந்தது மூன்று கோர் துளைத்தெடுத்துச் சோதிக்கலாம். அவற்றின் சராசரி, அந்த வயதுக்கு உரிய கியூப் வலிமையில் 85 சதவீதமாவது இருந்து, எதுவும் 75 சதவீதத்துக்குக் கீழே போகாவிட்டால் விதிப்படி அந்தத் தளத்தை ஏற்கலாம்.