ஆயிரம் மடங்கு தேயிலை

கணினிக் கோப்பில் ஒரு கட்டத்துக்குள் இருப்பது எண் மட்டும்தான். அது கிலோவா டன்னா, டாலரா ஆயிரம் டாலரா என்பது வேறெங்கோ எழுதப்பட்டிருக்கும். நெடுவரிசையின் தலைப்பில் இருக்கலாம், அட்டவணைக்கு மேலே பொடி எழுத்தில் இருக்கலாம், கோப்போடு வந்து யாரும் திறந்து பார்க்காத விளக்கக் குறிப்பிலும் இருக்கலாம். ஒரே கோப்பை வைத்துக்கொண்டு வேலை செய்யும்வரை இதனால் தொல்லை இல்லை. இரண்டு கோப்புகளை இணைக்கும்போது எண்கள் வந்து சேர்ந்துவிடுகின்றன, குறிப்பு பின்தங்கிவிடுகிறது. கணினிக்கு 18.4-உம் 18,400-உம் இரண்டு எண்கள், அவ்வளவுதான். இரண்டும் ஒரே சரக்கின் எடை என்று அதற்குத் தெரிய வழியில்லை.

இந்தச் சிக்கல் தெளிவாகத் தெரியும் இடம் பன்னாட்டு வணிகப் புள்ளிவிவரம். தேயிலையை எடுத்துக்கொள்ளலாம். எந்த நாடு எந்த நாட்டுக்கு எவ்வளவு அனுப்பியது என்பதை ஐ.நா.வின் 'காம்ட்ரேட்' தரவுத்தளம் எடைக்குக் கிலோகிராமிலும் மதிப்புக்கு டாலரிலும் தருகிறது. அதே காம்ட்ரேட்டிலிருந்து பிரான்சின் செப்பி ஆய்வு மையம் சீர்செய்து வெளியிடும் 'பாசி' தரவுத்தொகுப்பில் எடை மெட்ரிக் டன்னில், மதிப்பு ஆயிரம் டாலரில். இலங்கைத் தேயிலை வாரியம் பேசுவது மில்லியன் கிலோ கணக்கு. இந்திய வணிக அமைச்சகத்தின் தரவுத்தளத்தில் மதிப்பு லட்சம் ரூபாயிலும் மில்லியன் டாலரிலும் வரும். எல்லாமே சரியான கணக்குகள்தான். தவறு எந்த ஒரு கோப்பிலும் இல்லை, இணைக்கும் இடத்தில்தான் பிறக்கிறது.

ஓர் ஏற்றுமதியை மாதிரியாக வைத்துக்கொள்வோம்: 18,400 கிலோ தேயிலை, மதிப்பு 92,000 டாலர். காம்ட்ரேட் பாணியில் இது 18400, 92000 என்று பதிவாகும். பாசி பாணியில் 18.4, 92. இணைத்தவருக்குச் சந்தேகம் வந்து, வழக்கமாகச் செய்யும் சோதனையைச் செய்கிறார்: மதிப்பை எடையால் வகுத்து விலை நியாயமாக இருக்கிறதா என்று பார்க்கிறார். முதல் வரிசையில் 92,000-ஐ 18,400-ஆல் வகுத்தால் 5. இரண்டாவதில் 92-ஐ 18.4-ஆல் வகுத்தாலும் 5. கிலோவுக்கு ஐந்து டாலர் என்பது இலங்கைத் தேயிலையின் அண்மைக்கால ஏற்றுமதி விலையை ஒட்டியதுதான். சோதனை தேறிவிட்டது. ஆனால் இரண்டாவது வரிசை ஆயிரம் மடங்கு சிறியதாகவே கோப்பில் உட்கார்ந்திருக்கிறது.

காரணம் எளிது. ஒரு டன்னுக்கு ஆயிரம் டாலர் என்பதும் ஒரு கிலோவுக்கு ஒரு டாலர் என்பதும் ஒன்றே. மேலேயும் கீழேயும் ஆயிரம் அடிபட்டுப்போகிறது. எடையில் மட்டும் அலகு மாறியிருந்தால் விலை 5,000 டாலராகவோ அரைக் காசாகவோ வந்து கண்ணில் குத்தியிருக்கும். இரண்டும் சேர்ந்து மாறினால் விலைச் சோதனை வாயே திறக்காது. வணிகத் தரவில் இந்த இரட்டை மாற்றம் அபூர்வமல்ல, ஏனெனில் பெரிய எண்களைச் சுருக்கி எழுத விரும்புபவர் எடையையும் மதிப்பையும் சேர்த்தே சுருக்குவார்.

ஆகவே எடையோடும் மதிப்போடும் தொடர்பில்லாத மூன்றாவது அளவு ஒன்று தேவை. நாட்டின் மொத்தம் அதற்கு உதவும். இலங்கை 2023-இல் ஏற்றுமதி செய்த தேயிலை சுமார் 24 கோடி கிலோ. இணைத்த கோப்பில் இலங்கையின் வரிசைகளைக் கூட்டினால் 2.4 லட்சம் வருகிறதென்றால், அது டன். இரண்டுக்கும் நடுவே பொருந்தாத ஏதோ ஓர் எண் வருகிறதென்றால், சில வரிசைகள் கிலோவிலும் சில டன்னிலும் கலந்து கிடக்கின்றன என்று ஐயப்படலாம்.

மக்கள்தொகை இன்னொரு சாட்சி. தேயிலையை அதிகம் குடிக்கும் நாடுகளின் முன்வரிசையில் உள்ள துருக்கியில்கூட ஆளுக்கு ஆண்டுக்கு மூன்று கிலோ அளவில்தான் செலவாகிறது. தேநீருக்குப் பேர்போகாத ஒரு நாட்டின் இறக்குமதியை அதன் மக்கள்தொகையால் வகுத்து, ஆளுக்கு எழுநூறு கிலோ என்று வந்தால் மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை. ஆனால் எட்டு கிலோ, பத்து கிலோ என்று வந்தால் அவசரப்படக் கூடாது. துபாய் போன்ற துறைமுகங்கள் தேயிலையை வாங்கிக் கலந்து, பொட்டலமிட்டு வேறு நாடுகளுக்கு அனுப்புகின்றன. அங்கே ஆள்வீதக் கணக்கு இயல்பாகவே வீங்கித்தான் இருக்கும். மக்கள்தொகையின் அலகையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் தரவில் மக்கள்தொகை ஆயிரம் பேர் என்ற அலகில் வருகிறது. டன்னை ஆயிரம் பேரால் வகுத்தால் விடை தற்செயலாகச் சரியாக, ஆளுக்கு இத்தனை கிலோ என்றே வரும். கிலோவை அதே எண்ணால் வகுத்தால் ஆயிரம் மடங்கு பிசகும்.

மொத்தம் சொல்வது பிழை உண்டா இல்லையா என்பதை மட்டும். எந்த வரிசையில் என்று கண்டுபிடிக்க வணிகத் தரவுக்கே உரிய ஒரு வசதி இருக்கிறது. ஒரே சரக்கை அனுப்பிய நாடும் பதிகிறது, வாங்கிய நாடும் பதிகிறது. இரண்டு எடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்து, விடைக்குப் பத்தின் அடிமானத்தில் மடக்கை எடுக்க வேண்டும். எக்செல்லில் இது ஒரு வரி:

```
=ROUND(LOG10(B2/C2),1)
```

இரண்டு எடையும் ஒன்றாக இருந்தால் விடை 0. ஒன்று மற்றதைவிட ஆயிரம் மடங்கு பெரியதென்றால் 3, சிறியதென்றால் -3. சூத்திரத்தை எல்லா வரிசைக்கும் இழுத்துவிட்டு, எந்த விடை எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் போதும். உண்மையான வேறுபாடுகள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. வழியில் தங்கிய கப்பல், ஆண்டு மாறிப் பதிவான சரக்கு, மூன்றாம் நாடு வழியாகப் போனது என்று பல காரணங்களால் அவை 0-வைச் சுற்றிச் சிதறி, தூரம் போகப்போக மெலியும். அலகுப் பிசகு அப்படி மெலிவதில்லை. 0-வில் ஒரு குவியல், 1-லும் 2-லும் ஏறக்குறைய வெறுமை, திடீரென்று 3-இல் இன்னொரு குவியல். நடுவிலுள்ள அந்த வெறுமைதான் ஆதாரம்.

லட்சத்துக்கும் மில்லியனுக்கும் இடையிலான பிசகு இந்த அளவுக்குக் காட்டிக்கொடுக்காது. பத்து லட்சம் ஒரு மில்லியன், பத்து மில்லியன் ஒரு கோடி. எனவே இந்தியக் கணக்கையும் வெளிநாட்டுக் கணக்கையும் இணைக்கும்போது வரும் பிழை பெரும்பாலும் பத்து மடங்கு. ஒரு நாட்டின் இறக்குமதி ஓராண்டில் பத்தில் ஒன்றாக விழுவது நடக்கக்கூடியதே, போர் வந்தால், தடை வந்தால். பவுண்டும் கிலோவும் மாறினால் 2.2 மடங்கு, அது இன்னும் நம்பும்படி இருக்கும். பழைய சிலோன் தேயிலைக் கணக்குகள் பவுண்டில் எழுதப்பட்டவை என்பதால் நீண்டகால வரிசை தயாரிப்பவர்களுக்கு இது நடைமுறைத் தொல்லை. அமெரிக்க டன்னும் மெட்ரிக் டன்னும் மாறினால் வேறுபாடு பத்து சதவீதத்துக்கும் குறைவு. அதை எந்தச் சோதனையாலும் பிடிக்க முடியாது, விளக்கக் குறிப்பைப் படித்தால் மட்டுமே தெரியும்.

புள்ளிவிவரப் பாடத்தில் கற்ற கருவிகள் எல்லாம் இங்கே கைகொடுக்கும் என்று நம்புவதும் வீண். ஒரு நெடுவரிசை முழுவதையும் ஆயிரத்தால் பெருக்கினாலும் அதற்கும் இன்னொன்றுக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு இம்மியும் மாறாது. மோசடியைப் பிடிக்கப் பயன்படும் பென்ஃபோர்டு விதி எண்களின் முதல் இலக்கத்தைப் பார்ப்பது. 18.4-க்கும் 18,400-க்கும் முதல் இலக்கம் ஒன்றே. சராசரியையும் இடைநிலையையும் ஒப்பிடுவதுதான் இவற்றைவிட உருப்படியானது. பத்து வரிசைகளில் ஒவ்வொன்றும் 20 டன்; அதில் ஒன்று மட்டும் கிலோவில் 20,000 என்று நுழைந்துவிட்டால் சராசரி 2,018-க்குத் தாவும், இடைநிலை 20-லேயே நிற்கும்.

காற்புள்ளியும் புள்ளியும் தனிக் கதை. ஜெர்மனியில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும் தசமத்துக்குக் காற்புள்ளியும் போடுவார்கள். ஹாம்பர்க் வணிகர் ஒருவரின் பட்டியலில் 1.250 என்று இருந்தால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது கிலோ. இந்திய அமைப்பிலுள்ள கணினி அதை ஒன்றேகால் என்று படிக்கும். 1.250.000 என்பதில் இரண்டு புள்ளி இருப்பதால் கணினி அதை எண்ணாகவே ஏற்காமல் எழுத்தாக விட்டுவிடும். அதாவது பெரிய சரக்குகள் தப்பித்து, சிறிய சரக்குகள் சத்தமில்லாமல் ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். ஒரு நெடுவரிசையில் சில கட்டங்கள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஒரே மூலத்திலிருந்து வருவதால் அலகும் ஒன்றாகத்தான் இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. அமெரிக்காவில் 10 கோடி டாலருக்குக் குறையாத பங்குகளை நிர்வகிக்கும் நிறுவனங்கள், தம்மிடமுள்ள பங்குகளின் பட்டியலைக் காலாண்டுதோறும் 13எஃப் படிவத்தில் பங்குச்சந்தை ஆணையத்துக்குத் தருகின்றன. அதில் மதிப்பு நெடுங்காலம் ஆயிரம் டாலரில் எழுதப்பட்டது. 2023 ஜனவரி 3 முதல் தாக்கலாகும் படிவங்களில் முழு டாலரில் எழுத வேண்டும் என்று விதி மாறியது. விதி பார்ப்பது தாக்கல் செய்த நாளை, பட்டியல் எந்தக் காலாண்டுக்கு உரியது என்பதை அல்ல. 2022 டிசம்பர் இறுதிக்கான பட்டியல் 2023-இல்தான் தாக்கலாகும் என்பதால், ஆண்டைப் பார்த்து 2022 வரையிலான எல்லாவற்றையும் ஆயிரத்தால் பெருக்குபவர் அந்தக் காலாண்டைக் கெடுத்துவிடுவார். இங்கே விலைச் சோதனை நன்றாக வேலை செய்கிறது. மதிப்பைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்து அன்றைய சந்தை முடிவு விலையோடு ஒப்பிடலாம். பங்குகள் ஒன்று ஒன்றாகவே எண்ணப்படுவதால் அடிபட்டுப்போக மறுபக்கத்தில் ஆயிரம் இல்லை.

பிழை தெரிந்த பின் திருத்தும் முறையிலும் கவனம் வேண்டும். இணைப்பதற்கு முன்பே ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக ஒரே அலகுக்கு மாற்றிவிடுவது நல்லது. வந்த எண்ணை அழிக்காமல் அப்படியே வைத்து, பக்கத்தில் அலகு, பெருக்கிய எண், மாற்றிய அளவு என்று மூன்று நெடுவரிசைகள் சேர்க்கலாம். மேலே அழித்து எழுதினால், அதே திருத்தத்தை இன்னொருவர் மறுபடி செய்யும்போது டன் கிலோவாகி, கிலோ கிராமாகிவிடும். மூல நிறுவனமே அடுத்த வெளியீட்டில் பிழையைச் சரிசெய்துவிடுவதும் உண்டு. பழைய திருத்தம் அதன் மேலும் ஓடினால், நேற்றுவரை 3-இல் நின்ற அதே வரிசைகள் இன்று -3-இல் நிற்கும்.

ஆயிரத்தால் பெருக்கித் திரும்பப் பெற முடியாததும் ஒன்று உண்டு. ஆயிரம் டாலரில் முழு எண்ணாக எழுதும் கோப்பில் 400 டாலர் சரக்கு 0 என்று பதிவாகும். பெருக்கினாலும் 0-தான். மேலே சொன்ன மடக்கைச் சூத்திரம் அத்தகைய வரிசைகளில் பிழைச் செய்தி காட்டும். அவற்றை வணிகமே நடக்காத வரிசைகளோடு சேர்க்காமல், 500 டாலருக்குக் குறைவு என்று தனியே குறித்து வைப்பதுதான் செய்யக்கூடியது.