50 சூரியனுக்கு என்ன வாங்குவது?

வீட்டு வாசலில் புல்வெளி. வலது ஓரத்திலிருந்து ஸாம்பிகள் ஆடி ஆடி வருகின்றன. அவை வீட்டுக்குள் நுழையாதபடி செடிகளை நட்டுத் தடுக்க வேண்டும். கையில் இருக்கும் பணம் 50 'சூரியன்'. இப்படித்தான் தொடங்குகிறது 'பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸாம்பீஸ்'. அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த பாப்கேப் நிறுவனம் 2009-ல் வெளியிட்ட விளையாட்டு இது. எதிரிகள் வரும் வழியில் காவல் அமைத்து அவர்களை நிறுத்தும் 'டவர் டிஃபென்ஸ்' வகையில் உலகமெங்கும் கோடிக்கணக்கானோர் ஆடியது.

இதில் சுடும் செடியான பட்டாணிச்செடியின் விலை 100 சூரியன். சூரியகாந்தி சுடாது, சூரியனை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். இதை வடிவமைத்த ஜார்ஜ் ஃபேன் முதலில் சூரியகாந்திக்கும் 100 என்றுதான் விலை வைத்திருந்தார். விலை இரண்டுக்கும் ஒன்றாக இருந்தால் புதிதாக ஆடுகிறவர் எதை வாங்குவார்? எதிரில் ஸாம்பி வரும்போது துப்பாக்கியைத்தானே தேடுவார். வருமானத்துக்கு வழி செய்யாமல் ஆயுதம் வாங்கியவர் ஐந்தாறு அலைகளுக்குள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். ஃபேன் சூரியகாந்தியின் விலையை 50-ஆகக் குறைத்தார். முதல் நொடியில் கையில் இருக்கும் காசுக்கு இந்த இரண்டில் அது ஒன்றுதான் கிடைக்கும் என்றாகிவிட்டது. 'முதலில் வருமானம், பிறகு காவல்' என்ற பாடத்தை ஒரு வரி விளக்கமும் இல்லாமல் விலைப்பட்டியலே சொல்லிக்கொடுத்துவிட்டது. ஆனால் அந்த ஒரு மாற்றத்துக்காக, மொத்த விளையாட்டின் கணக்கையும் அவர் திரும்பப் போட வேண்டியிருந்தது.

ஏன் அப்படி என்பதற்கு அந்தச் செடியின் வரவு செலவைப் பார்த்தால் போதும். ஒரு சூரியகாந்தி ஏறக்குறைய 24 நொடிக்கு ஒருமுறை 25 சூரியன் தருகிறது. முதல் சூரியன் மட்டும் சீக்கிரமே வந்துவிடுவதால், போட்ட முதல் திரும்பி வர ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம். விலை 100 என்றால் முதல் திரும்பவே ஒன்றேகால் நிமிடத்துக்கு மேல் ஓடிவிடும். அந்த நேரத்துக்குள் எத்தனை ஸாம்பி வரலாம், எந்த வகை வரலாம் என்பதெல்லாம் இந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. ஐந்து சூரியகாந்தி வேர் பிடித்துவிட்டால் 24 நொடிக்கு 125 சூரியன் வரும். ஒரு பட்டாணிச்செடி வாங்கிய பிறகும் 25 மிஞ்சும். அந்த நிலைக்கு வந்து சேரும்வரை ஆட்டக்காரரை அதிகம் நெருக்கக் கூடாது. வந்து சேர்ந்த பிறகு சும்மா விடவும் கூடாது. அலைகளை அமைப்பவரின் வேலை இதுதான்.

இந்த விளையாட்டின் நிரலைப் பிரித்து ஆராய்ந்தவர்கள், அலைகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கையும் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆட்டக்காரருக்குச் சூரியன் இருப்பதுபோல, ஒவ்வொரு அலைக்கும் ஒரு பட்ஜெட் உண்டு. அந்தப் புள்ளிகளைக் கொடுத்துக் கணினி ஸாம்பிகளை 'வாங்குகிறது'. சாதாரண ஸாம்பி 1 புள்ளி. தலையில் சாலைக் கூம்பைக் கவிழ்த்துக்கொண்டு வருவது 2 புள்ளி. இரும்பு வாளியைக் கவிழ்த்துக்கொண்டு வருவது 4 புள்ளி. கதையை முதல்முறை ஆடும்போது முதல் மூன்று அலைகளுக்கும் தலா 1 புள்ளிதான். அதாவது ஒற்றை ஸாம்பி. அதன்பின் மூன்று அலைக்கு ஒருமுறை 1 புள்ளி கூடும். பத்தாவது அலை கொடி பிடித்து வரும் பேரலை. அங்கே மட்டும் பட்ஜெட் இரண்டரை மடங்காகிறது. வழக்கப்படி 4 புள்ளி வர வேண்டிய இடத்தில் 10 புள்ளி. இருபதாவது அலையில் 7 என்பது 17 ஆகிவிடும். சாய்தளம்போல மெல்ல ஏறிக்கொண்டே வந்து திடீரென்று ஒரு படி உயர்ந்து மறுபடி இறங்குவதால், பேரலை முடிந்ததும் ஆட்டக்காரருக்கு விழுந்த செடிகளை மறுபடி நட அவகாசம் கிடைக்கிறது.

இனி எதிரி வகைகள். பட்டாணிச்செடி ஏறக்குறைய ஒன்றரை நொடிக்கு ஒரு பட்டாணி துப்பும். சாதாரண ஸாம்பி விழப் பத்துப் பட்டாணி வேண்டும், கூம்புக்காரனுக்கு 28, வாளிக்காரனுக்கு 65. ஒரு கட்டத்தைக் கடக்க ஸாம்பிக்கு ஐந்து நொடிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். செடிக்கு முன்னால் ஏழு கட்டம் இருக்கிறது என்றால், அதைச் சுட முப்பத்து மூன்று நொடி கிடைக்கும். ஏறக்குறைய 22 பட்டாணி. சாதாரண ஸாம்பி பாதி வழியிலேயே விழுந்துவிடும். கூம்புக்காரன் ஆறு பட்டாணி மிச்சத்தில் செடியை வந்து தொட்டுவிடுவான். வாளிக்காரனைச் செடி அருகே வருமுன் வீழ்த்த அதே வரிசையில் மூன்று பட்டாணிச்செடி வேண்டும்.

இப்போது 4 புள்ளியை எப்படிச் செலவழிக்கலாம் என்று பாருங்கள். நான்கு சாதாரண ஸாம்பிகளை அனுப்பினால் மொத்தம் 40 பட்டாணிதான் செலவு. ஆனால் அவை நான்கு வரிசைகளில் வரக்கூடும். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு செடியாவது இருந்தாக வேண்டும். ஒரு வாளிக்காரனை அனுப்பினால் 65 பட்டாணி, அதுவும் ஒரே வரிசையில். முதலாவது காவல் பரவலாக இருக்கிறதா என்று சோதிக்கிறது. இரண்டாவது ஓரிடத்தில் குவிந்திருக்கிறதா என்று சோதிக்கிறது. கையில் இருக்கும் 300 சூரியனை மூன்று வரிசைக்குப் பிரித்தால் வாளிக்காரன் நுழைந்துவிடுவான். ஒரே வரிசையில் கொட்டினால் மற்ற வரிசைகள் காலி. பல வகை எதிரிகள் இருப்பதன் பயன் இதுதான். ஒரே வகை எதிரியை ஆயுள் கூட்டிக் கூட்டி அனுப்பினால், ஆட்டக்காரரும் அதே செடியை மேலும் மேலும் நட்டுக்கொண்டே போவார். யோசிக்க ஒன்றும் இருக்காது.

சில எதிரிகள் நேராக முதலீட்டையே குறிவைக்கின்றன. முன்வரிசையில் 50 சூரியன் கொடுத்து நடும் வால்நட், ஸாம்பிகள் கடித்துத் தீர்க்கும்வரை தடுத்து நிற்கும் மலிவான சுவர். கம்பு ஊன்றித் தாண்டும் ஸாம்பி ஓடி வந்து, எதிர்ப்படும் முதல் செடியை ஒரே தாவாகத் தாண்டிவிடும். வால்நட்டை மட்டும் நம்பியிருந்தவருக்கு அந்த 50 அங்கே வீண். இவற்றைப் புதிதாக இறக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஆட்டம் தொடங்குமுன் வரப்போகும் வகைகளைத் தெருவோரத்தில் நிறுத்திக் காட்டிவிடுவார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் எந்தெந்த விதைகளைக் கொண்டுபோவது என்று ஆட்டக்காரர் தேர்வு செய்வார். அப்படியும் தவறினால் ஒவ்வொரு வரிசைக்கும் புல்வெட்டும் இயந்திரம் ஒன்று உண்டு. அது ஒரு தடவை மட்டும் காப்பாற்றும்.

அலை எப்போது வரும் என்பதிலும் பணக் கணக்கு ஒளிந்திருக்கிறது. முந்தைய அலை வந்து 25 முதல் 31 நொடி ஆனால் அடுத்தது கிளம்பிவிடும். ஆனால் அதற்கு முன்பே அந்த அலையின் மொத்த ஆயுளில் பாதியோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ போய்விட்டால், நேரம் முடியக் காத்திராமல் அடுத்த அலை வந்துவிடும். வேகமாகக் கொல்கிறவருக்கு அலைகளும் வேகமாக வரும். அவருடைய சூரியகாந்திகள் இரண்டு அலைகளுக்கு நடுவே குறைவாகவே உற்பத்தி செய்திருக்கும். ஆரம்பத்திலேயே ஆயுதம் குவித்தவருக்குச் சத்தமில்லாத அபராதம் இது. திணறுகிறவருக்கு முழு அவகாசமும் கிடைக்கும். திறமைசாலிக்குச் சலிப்பும் புதியவருக்கு மூச்சுத்திணறலும் வராமல் ஒரே விதி பார்த்துக்கொள்கிறது.

பணம் குவிந்த பிறகு ஆட்டம் சப்பென்று ஆகிவிடாமலிருக்க வேறு இரண்டு கடிவாளங்கள். ஒன்று, நேரம். சுற்றியிருக்கும் ஸாம்பிகளையெல்லாம் ஒரே வெடியில் அழிக்கும் செர்ரி பாமின் விலை 150தான். ஆனால் ஒன்றைப் பயன்படுத்தினால் அடுத்தது தயாராக 50 நொடி ஆகும். கையில் ஆயிரம் சூரியன் இருந்தாலும் அவசரத்துக்கு இரண்டு வாங்க முடியாது. இன்னொன்று, இடம். புல்வெளியில் ஐந்து வரிசை, வரிசைக்கு ஒன்பது கட்டம், ஆக 45 கட்டம். ஒரு வரிசைக்கு இரண்டு சூரியகாந்தி வைத்தால் பத்துக் கட்டம் போயிற்று. தொடக்கத்தில் பிழைக்க வைத்த சூரியகாந்தியே கடைசியில் துப்பாக்கிக்கு இடமில்லாமல் அடைத்துக்கொண்டு நிற்கும்.

கொல்லும் எதிரிக்குக் காசு தரும் விளையாட்டுகளில் சிக்கல் வேறு விதம். நியூசிலாந்தின் நின்ஜா கிவி நிறுவனத்தின் 'ப்ளூன்ஸ் டிடி 6'-ல் உடைக்கும் ஒவ்வொரு பலூனுக்கும் பணம் வரும். நிறைய உடைப்பவர் நிறைய வாங்குவார், இன்னும் நிறைய உடைப்பார். கோட்டைவிட்டவருக்கு வருமானமும் போய் அடுத்த சுற்றில் இன்னும் அதிகமாகக் கோட்டைவிடுவார். பின்சுற்றுகளில் பலூன்கள் ஆயிரக்கணக்கில் வருவதால் பணவீக்கமும் சேர்ந்துகொள்ளும். அதனால் 50-வது சுற்றைத் தாண்டியதும் ஒரு பலூனுக்கான வரவைப் பாதியாக்கி, பிறகு இன்னும் குறைத்துக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லாருக்கும் ஒரு தொகை நிச்சயமாகக் கிடைக்கும். தடுமாறியவர் எழுந்து நிற்க அது உதவும். சூரியகாந்தி விளையாட்டில் வருமானம் கொலையைச் சார்ந்ததல்ல என்பதால் இந்தச் சுழல் அங்கே எழுவதில்லை.

ஒரு கட்டம் சரியாக அமைந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பலரை ஆடச் சொல்லி, அவர்கள் தோற்கும் நொடியில் கையிருப்பைக் குறித்துக்கொண்டால் போதும். பணம் சுத்தமாகத் தீர்ந்து தோற்கிறார்கள் என்றால், வரவு போதவில்லை அல்லது அலை சீக்கிரம் வந்துவிட்டது; இடைவெளியைக் கூட்டிப் பார்க்க வேண்டும். பையில் 600 சூரியன் இருந்தும் தோற்கிறார்கள் என்றால் வருமானத்தை ஏற்றுவதில் பயனில்லை. வந்த எதிரிக்கு எது மருந்து என்று தெரியவில்லை, அல்லது அதை நடக் கட்டமோ நேரமோ இல்லை. அப்போது மாற்ற வேண்டியது அலையின் சேர்க்கை. 4 புள்ளி வாளிக்காரனை எடுத்துவிட்டு இரண்டு கூம்புக்காரர்களை வைக்கலாம். புள்ளி அதே 4, ஆனால் தேவையான பட்டாணி 65-லிருந்து 56-ஆகி, அதுவும் இரண்டு வரிசைக்குப் பிரிந்துவிடும். கடைசிப் பேரலையில் எல்லாரும் ஆயிரம் சூரியனை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள் என்றால், அதற்கு முந்தைய நான்கைந்து அலைகளின் பட்ஜெட் போதவில்லை. செடிகளின் விலையில் கை வைப்பதைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். அலையை மாற்றினால் அந்தக் கட்டம் மட்டும்தான் மாறும். விலையை மாற்றினால் அந்தச் செடி வரும் எல்லாக் கட்டங்களையும் மறுபடி ஆடிப் பார்த்தாக வேண்டும்.