பெயரை மறைத்தால் மட்டும் போதாது

வேலைக்கு வரும் விண்ணப்பங்களைச் சலித்தெடுக்கும் கட்டத்தில்தான் பாரபட்சம் யார் கண்ணிலும் படாமல் நடக்கிறது. நேர்காணலில் நிராகரிக்கப்பட்டவருக்குத் தாம் நிராகரிக்கப்பட்டது தெரியும். ரெஸ்யூமே கட்டிலேயே ஒதுக்கப்பட்டவருக்கு ஒரு கடிதம்கூட வருவதில்லை.

சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தனர். இந்திய ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களை அனுப்பினர். உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர் என்று பெயர் மட்டுமே வேறு. 2007-ல் வெளியான முடிவின்படி, உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குதான்.

அப்படியானால் பெயரை மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். தமிழ்நாட்டில் அது பாதி வேலைகூட ஆகாது. இங்கே பெரும்பாலோர் சாதிப் பெயரைப் போட்டுக்கொள்வதில்லை; ஆனால் பயோடேட்டாவின் கடைசிப் பகுதியில் தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், திருமணமானவரா என்ற விவரம், சொந்த ஊர் முகவரி எல்லாம் வரிசையாக இருக்கும். மேலே ஒரு புகைப்படம். ஊரையும் தெருவையும் பார்த்தே ஒருவரை எடைபோடும் பழக்கம் நம்மிடம் உண்டு. பள்ளியின் பெயரைப் பார்த்தால் தமிழ் வழியா, ஆங்கில வழியா என்பதும் தெரிந்துவிடும்.

கோவையில் முந்நூறு பேர் வேலை செய்யும் ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனம் கணக்குப் பிரிவுக்கு இரண்டு பேரை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. ஒரு கட்டைக்கூடப் பிரிப்பதற்கு முன், அந்த வேலைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைக் கணக்குப் பிரிவுத் தலைவர் எழுதி வைக்க வேண்டும். டேலியில் பதிவு செய்வது, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல், வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது என மூன்று, நான்கு போதும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு என மதிப்பெண். எதற்கு இரண்டு மதிப்பெண் என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும்: ரிட்டர்னைத் தாமே தாக்கல் செய்திருந்தால் இரண்டு, உதவியாக இருந்திருந்தால் ஒன்று. விண்ணப்பங்களைப் பார்த்த பிறகு அளவுகோலை எழுதினால், ஏற்கெனவே பிடித்துப்போனவருக்கு ஏற்ற அளவுகோல்தான் வரும்.

அடுத்து, தேர்வில் பங்கில்லாத மனிதவள ஊழியர் ஒருவர் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வரிசை எண் கொடுத்து, வேலை சார்ந்த விவரங்களை மட்டும் எக்செல் தாளில் ஏற்றுகிறார். இருவர் தனித்தனியே, கலந்து பேசாமல் மதிப்பெண் போடுகிறார்கள். இரண்டும் வெகுவாக வேறுபடும் விண்ணப்பங்களை மட்டும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறார்கள். தெரிந்தவர் சிபாரிசில் வந்ததும் இதே வரிசையில்தான் நிற்க வேண்டும். இதில் சலுகை காட்டினால் மற்ற ஏற்பாடெல்லாம் வீண்.

பட்டியல் தயாரானதும் எண்ணிப் பார்ப்பதுதான் பலர் விட்டுவிடும் வேலை. விண்ணப்பித்த 60 ஆண்களில் 18 பேரும், 40 பெண்களில் 6 பேரும் தேர்வாகியிருக்கிறார்கள். ஆண்களுக்கு 30 சதவீதம், பெண்களுக்கு 15. அமெரிக்க அரசின் 1978-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் ஒரு தோராய அளவு உண்டு: ஒரு பிரிவினர் தேர்வாகும் விகிதம், அதிகம் தேர்வாகும் பிரிவினரின் விகிதத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும். இந்தியாவில் இது சட்டமல்ல. எச்சரிக்கை மணியாகப் பயன்படும். இங்கே கிடைத்திருப்பது பாதிதான்.

காரணத்தைத் தேடினால், பணியில் இடைவெளி இருக்கக் கூடாது என்று அளவுகோலோடு சேர்த்த ஒரு வரி கண்ணில் படுகிறது. குழந்தைப் பேற்றுக்காக இரண்டாண்டு வீட்டில் இருந்த நான்கு பெண்கள், மதிப்பெண் இருந்தும் அதனால் மட்டும் வெளியேறியிருக்கிறார்கள். டேலி தெரிந்திருப்பதற்கும் அந்த இடைவெளிக்கும் தொடர்பில்லை. வரியை நீக்கினால் பெண்கள் பத்துப் பேர், அதாவது 25 சதவீதம். எல்லைக்கு மேலே வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை எல்லாவற்றிலும் 60 சதவீதம் என்ற நிபந்தனையையும் இதே கேள்விக்கு உட்படுத்த வேண்டும். பத்துப் பதினைந்து விண்ணப்பங்களே வந்தால் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் சதவீதம் எகிறும். அப்போது ஓராண்டுத் தேர்வுகளைச் சேர்த்து எண்ணுவது நல்லது.

மறைத்துப் பார்ப்பது எங்கும் பலன் தரும் என்றும் சொல்ல முடியாது. பிரான்சின் அரசு வேலைவாய்ப்புத் துறை 2009-10-ல் நடத்திய சோதனையில், பெயர் நீக்கியபோது குடியேறிய குடும்பத்தினருக்கு நேர்காணல் வாய்ப்பு குறைந்தது. தாமாக முன்வந்து சேர்ந்த நிறுவனங்கள் ஏற்கெனவே அவர்களுடைய பின்னணியை அறிந்து, விண்ணப்பத்திலிருந்த குறைகளைப் பெரிதுபடுத்தாமல் விட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். அளவுகோல் தவறாக இருந்தால், பெயரை மறைத்த பிறகும் அது அதே ஆட்களைத்தான் வெளியே தள்ளும். ஒரு நிறுவனம் எதையாவது ஒன்றை மட்டுமே செய்ய முடியும் என்றால், முதலில் அளவுகோலைத் திருத்தட்டும்.